நல்லூர் வெளிவீதி நடைக் காணொளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் வெளிவீதியை ஒரு முறை வலம் வரும் நேரத்துக்கு, எங்கும் வெட்டாமல் எடுத்த காணொளி இது. யாழ்ப்பாணத்துக்கு வர முடியாதவர்களுக்காக எடுத்தது: ரொறன்ரோவில் முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு நீண்ட பயணம் போகக்கூடாதவர்கள், இங்கேயே கோப்பாயிலோ கரவெட்டியிலோ படுக்கையில் இருப்பவர்கள். பார்த்தவர்கள் கேட்டவற்றுக்கும், தங்கள் ஊர்க் கோயிலை இப்படி எடுக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கும் இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

தம்பி, வாசலோட நிப்பாட்டிப் போட்டியளே. உள்ளுக்கு ஏன் காட்டேல்லை?

உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. போனாக இருந்தாலும் கமராவாக இருந்தாலும் அதே விதிதான். மறைத்துக் கொண்டுபோய் எடுத்த துண்டுகள் இணையத்தில் கிடக்கலாம், ஆனால் நாங்கள் அதைச் செய்வதில்லை. கோயில் கேட்டுக்கொண்ட ஒன்றை மீறி எடுத்த படத்தை, காலமெல்லாம் அந்தக் கோயிலை மதித்து வாழ்ந்த ஒரு அம்மாவுக்குக் காட்டுவது சரியில்லை.

அதனால்தான் வெளிவீதியைத் தேர்ந்தோம். நல்லூரைப் பொறுத்தவரை வெளிவீதி வெறும் சுற்றுப்பாதை இல்லை. திருவிழாவில் சுவாமி வருவது அங்கே, அங்கப்பிரதட்சணம் நடப்பது அங்கே. வீதியை மட்டும் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லா நாளும் இருக்கிறார்கள். வீதி வலம் தனக்குள் முழுமையான ஒரு வழிபாடு. அதை அனுமதி மீறாமல், ஒழுங்காக, ஆறுதலாக எடுக்கலாம்.

இது நல்லூர்தானா? நான் போகேக்க இவ்வளவு பெரிய கோபுரம் தெற்கில் இருக்கேல்லையே.

நல்லூரேதான். தெற்கு வாசலில் உள்ள ஒன்பது நிலை இராஜகோபுரத்தின் கும்பாபிஷேகம் 2011இல் நடந்தது. வடக்கு வாசலில் உள்ள ஒன்பது நிலைக் கோபுரம் 2015இல் வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் புறப்பட்டுப் போய்த் திரும்பி வராதவர்களின் நினைவில் இருப்பது கிழக்கு வாசலின் ஐந்து நிலைக் கோபுரம் மட்டுமே. இந்தக் கேள்வி அடிக்கடி வருவதால்தான் நடையைக் கிழக்கு வாசலில் தொடங்குகிறோம். முதலில் தெரிந்த முகம் வரட்டும். அது மனதில் நின்ற பிறகு புதிய கோபுரங்களிடம் போனால், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற குழப்பம் வராது.

இதுதான் அரசர் காலத்துக் கோயிலா?

இல்லை. ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்துக் கோயிலைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேறா 1620களில் இடித்தார். இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், குருக்கள் வளவு என்ற இடத்தில் எழுந்தது.

எந்தப் பக்கத்தால நடக்கிறியள்? படம் பார்க்க எனக்குத் திசை பிடிபடேல்லை.

கோயில் கிழக்கு நோக்கியது. வாசலைப் பார்த்து நின்று, இடப்பக்கம் திரும்பித் தெற்கு வீதிக்குப் போகிறோம். பிறகு மேற்கு, பிறகு வடக்கு, கடைசியில் மறுபடியும் கிழக்கு. வலம் வருவதால் கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். படத்தில் மதில் வலப்புறத்தை விட்டு விலகினால், நாங்கள் மூலையில் திரும்புகிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூலையிலும் நடையை நிறுத்தி, கமராவை மட்டும் மெதுவாகத் திருப்பி, அப்புறம்தான் மறுபடி கால் வைக்கிறோம். நடந்துகொண்டே திரும்பினால் பார்ப்பவருக்குத் திசை தொலைந்துவிடும்.

முடிவில் கோயிலுக்கு முன்னால் உள்ள தேரடியில் கொஞ்சநேரம் நிற்கிறோம். செல்லப்பா சுவாமிகள் இருந்த இடம் அது. யோகர் சுவாமிகள் அவரிடம் வந்து சேர்ந்த இடமும் அதுதான். அங்கே நில்லாமல் போகாதீர்கள் என்று பார்வையாளர்களே கேட்டார்கள்.

படம் குலுங்கவே இல்லையே. அப்படி என்ன கமரா வைத்திருக்கிறீர்கள்?

கமரா சாதாரண போன்தான். அதைப் பிடித்திருப்பது மூன்று அச்சுக் கிம்பல். கை சாய்வதையும் திரும்புவதையும் அதில் உள்ள மோட்டர்கள் எதிர்த்திசையில் ஈடுசெய்யும். ஆனால் கிம்பல் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது சரிசெய்வது சாய்வையும் திரும்பலையும் மட்டுமே. நாம் அடி வைக்கும்போது உடம்பு முழுவதும் மேலே போய்க் கீழே வருகிறதே, அந்த ஏற்ற இறக்கத்தைக் கிம்பலால் அழிக்க முடியாது. அதைக் காலால்தான் அழிக்க வேண்டும்.

முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதிக்காலை முதலில் வைத்து, பாதத்தை மெல்ல உருட்டி விரலுக்குக் கொண்டுவர வேண்டும். அடி சிறிதாக இருக்க வேண்டும். நல்லூர் வீதியில் மணல் இருப்பதால் இதில் ஒரு நன்மையும் ஒரு தொல்லையும் உண்டு. குதிக்கால் பட்டவுடன் வரும் சின்ன அதிர்வை மணல் உள்வாங்கிவிடும். ஆனால் தளர்ந்த மணலில் கால் புதைந்து, ஒரு பக்கமாக இழுக்கும். ஆட்கள் நடந்து நடந்து இறுகிய தடத்தைப் பிடித்து நடந்தால் அது குறையும். வெறுங்கால் என்பதால் பாதத்துக்கு நிலம் தெரியும், அது பெரிய உதவி. வெயில் ஏறி மணல் சுடத் தொடங்கினால் கால் தானாகவே வெடுக்கென்று தூக்கும், அதற்குப் பிறகு எந்தக் கிம்பலும் காப்பாற்றாது.

இன்னொன்று: கிம்பலில் பூட்டும்போது போனுக்குள்ளேயே இருக்கும் நிலைநிறுத்தலை நிறுத்திவிடுங்கள், உங்கள் போன் அதற்கு இடம் தந்தால். இரண்டும் ஒரே வேலையைச் செய்யப் போய் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். படம் குலுங்காது, ஆனால் ஓரங்கள் நெளியும்.

கமரா ஏன் மதிலை நேராகப் பார்க்காமல் முன்னுக்குச் சரிந்து பார்க்குது?

மதிலில் இருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டைகளால்தான். இதை வெளியூரில் படம் எடுத்துப் பழகியவர்கள் கூட எதிர்பார்ப்பதில்லை.

காணொளி என்பது விநாடிக்கு இத்தனை என்று அடுத்தடுத்து வரும் நிழற்படங்கள். நிமிர்ந்து நிற்கும் பட்டைகளுக்குப் பக்கவாட்டில் கமரா போகும்போது, ஒவ்வொரு நிழற்படத்திலும் பட்டை ஒரு துள்ளு நகர்ந்திருக்கும். சாதாரண சுவரில் அந்தத் துள்ளு கண்ணுக்குத் தெரியாது. கடும் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும்போது அது முழுவதும் தெரியும். மதில் துடிப்பது போல இருக்கும், பார்ப்பவருக்குக் கண் கூசும், வயதானவர்களுக்குத் தலை சுற்றும். கை எவ்வளவு நிதானமாக இருந்தாலும் இது போகாது.

இதற்கு இரண்டு காரியம் செய்கிறோம். ஒன்று, மதிலை நேருக்கு நேர் பார்க்காமல், நடக்கும் திசையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை மட்டும் வலப்பக்கம் திருப்பி வைக்கிறோம். அப்போது பட்டைகள் தூரத்தில் நெருங்கி, அருகில் அகன்று, கண்ணுக்குப் பழகிய முறையில் பின்னால் போகின்றன. மதிலில் நின்று பார்க்க வேண்டிய ஏதாவது வந்தால், நடையை நிறுத்திவிட்டுத்தான் அதன் பக்கம் திரும்புவோம். இரண்டாவது, விநாடிக்கு 25 படங்களுக்குப் பதிலாக 50 படங்கள் எடுக்கிறோம். துள்ளு பாதியாகக் குறைகிறது.

கமராவைக் கண் உயரத்துக்கு உயர்த்தியே பிடிப்பதற்கும் இதே போன்ற காரணம் உண்டு. தாழ்த்தினால் மணல் திரையின் அடிப்பகுதியில் வேகமாக ஓடும். மெதுவாக நடந்தாலும் ஓடுவது போலத் தோன்றும்.

தெற்குக் கோபுரத்தில் இவ்வளவு நேரம் நிற்க வேணுமா? மகன் பொறுமை இல்லாமல் தள்ளிவிடுறான்.

மகனுக்கு அது நீளம்தான். ஆனால் அந்தக் கோபுரத்தை ஒருபோதும் நேரில் பார்க்காத ஒருவருக்கு, அதன் உயரம் புரியும் ஒரே இடம் இது.

அந்த ஒரு காட்சியை எப்படி எடுக்கிறோம் என்று சொல்கிறேன். கோபுரத்தின் அடியில் நின்று அகலக் கண்ணாடியால் எடுத்தால் ஒன்பது நிலையும் ஒரே சட்டத்துக்குள் வந்துவிடும். ஆனால் உச்சி பின்னால் சரிந்து, கோபுரம் குட்டையாகத் தெரியும். அதனால் வீதியின் தெற்கு விளிம்பு வரை பின்வாங்கி, வாசலுக்கு நேர் நடுவில் நிற்கிறோம். முதலில் அசையாமல் வாசலை மட்டும் காட்டுகிறோம். வாசலில் ஆட்கள் நுழைவது தெரிவதால் அளவு பிடிபடும். பிறகு கிம்பலில் மேல் கீழ் அச்சை மட்டும் விட்டு, மற்ற இரண்டையும் பூட்டி, ஒரு நிலைக்கு 3 விநாடி வீதம் மேலே போகிறோம். ஒன்பது நிலைக்கு 27 விநாடி. கலசங்களில் வந்து 5 விநாடி நிற்கிறோம். திரும்பவும் கீழே இறக்குவதில்லை. மேலே போன கண்ணை அதே வழியில் இறக்கினால் பார்த்தது குறைந்துபோகும். கலசத்திலேயே கொஞ்சம் நின்று, பிறகு மெதுவாக மேற்குப் பக்கம் திரும்பி நடையைத் தொடர்கிறோம்.

பக்கவாட்டுத் திருப்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. திரையின் ஒரு ஓரத்தில் நுழைந்த பொருள் மறு ஓரத்தால் போக 7 விநாடியாவது எடுக்க வேண்டும் என்பது ஒளிப்பதிவாளர்களின் பழைய கணக்கு. வயதானவர்களுக்காக நாங்கள் அதைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக வைத்திருக்கிறோம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு எடுத்தால் நல்லம்?

விடிந்து வெயில் ஏறுவதற்குள். கிழக்கு வாசலில் ஆண்டு முழுவதும் காலை வெயில் விழும். தெற்கும் வடக்கும்தான் மாதத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் இருக்கிறது. அதனால் ஏப்ரல் நடுப்பகுதி முதல் ஓகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் தெற்குக் கோபுரத்தின் முகம் நிழலில் கிடக்கும், வடக்குக் கோபுரத்தில் வெயில் விழும். மார்கழி, தை மாதங்களில் இது தலைகீழாகும். காலைச் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தெற்கு முகத்தில் சரிவாக விழும்போது ஒவ்வொரு சுதையின் நிழலும் தனியாகத் தெரியும். பொன்னிறக் கோபுரத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. ஒரே நாளில் இரண்டு கோபுரமும் ஒரே அழகோடு வேண்டும் என்றால் நடக்காது. ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். நாங்கள் தெற்கைத் தேர்ந்து தையில் எடுத்தோம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை குறுக்கிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. சோளகம் வீசும் மாதங்களில் திறந்த வீதியில் காற்று போனையே தள்ளும். கிம்பல் மோட்டர் அதை எதிர்த்து இழுக்கும்போது படத்தில் நுண்ணிய நடுக்கம் வரும். அந்த மாதங்களில் அதிகாலை ஓரளவு பரவாயில்லை, பின்னேரம் வேண்டவே வேண்டாம்.

விடிய முதலே எடுத்தால் விளக்கு வெளிச்சத்தில் இன்னும் வடிவாக இருக்குமே?

நேரில் வடிவுதான். படத்தில் இரண்டு சிக்கல் வரும். வெளிச்சம் போதாமல் ஷட்டர் நீண்ட நேரம் திறந்திருக்கும். அந்த நேரத்தில் ஏற்படும் சிறு அசைவும் ஒவ்வொரு படத்திலும் பூசியது போலப் பதியும். பிறகு எந்த மென்பொருளால் நிலைநிறுத்தினாலும் பூச்சு போகாது. கோபுரம் அசையாமல் நிற்க, அதன் ஓரம் மட்டும் மங்கித் தெளிந்து கொண்டிருக்கும்.

அடுத்தது, இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுங்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. ஷட்டர் 1/60 என்று இருந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஊரும். 1/50 அல்லது 1/100 என்று பூட்டினால் நிற்கும். விநாடிக்கு 50 படம் எடுக்கும்போது 1/100 பொருத்தம்.

360 பாகைக் கமராவால் எடுத்தால், தலையில் மாட்டும் விஆர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மம்மா கோயிலுக்குள்ளேயே நிற்பது மாதிரி இருக்குமே?

நின்ற இடத்தில் எடுத்த 360 படத்துக்கு அது உண்மை. நடந்துகொண்டு எடுத்ததற்கு உண்மை இல்லை. தலையில் கண்ணாடி மாட்டியிருக்கும்போது கண் முழுக்க உலகம் நகரும், உடம்போ கதிரையில் அசையாமல் இருக்கும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நீ நகரவில்லை' என்று சொல்ல, கண் 'நகர்கிறாய்' என்று சொல்லும். அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. ரீவியில் பார்க்கும்போது திரையைச் சுற்றிச் சுவரும் யன்னலும் அசையாமல் தெரிவதால் மூளைக்கு ஒரு பிடி இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேறு. 360 கமரா எல்லாத் திசையையும் எடுக்கும். திறந்த வாசலுக்கு உள்ளே இருப்பதும், பின்னால் கண்ணீரோடு கும்பிட்டு நிற்கும் ஒருவரின் முகமும் அதில் விழும். எதை எடுக்கக்கூடாது என்று தெரிவு செய்யும் உரிமை படம் எடுப்பவரின் கையை விட்டுப் போய்விடும்.

ஆட்களின் முகம் படத்தில் வருதே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

கும்பிடுகிறவர்களை முன்னால் இருந்து எடுப்பதில்லை. எங்களுக்கு முன்னால் நடப்பவர்களின் முதுகு வரும், அது போதும். அடியழிக்கும் பெண்கள், அங்கப்பிரதட்சணம் செய்பவர்கள் எதிர்ப்பட்டால் கமராவைக் கோபுரப் பக்கம் உயர்த்திவிட்டு, அவர்கள் போகும் வரை நிற்கிறோம். தற்செயலாக யாராவது விழுந்து, எடுத்துவிடச் சொன்னால் அந்த இடத்தை மங்கலாக்குகிறோம்.

திருவிழா நேரம் ஏன் எடுக்கேல்லை? தேர் பார்க்கத்தானே எல்லாருக்கும் ஆசை.

25 நாள் திருவிழாவில் 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அந்த நாள்களில் வீதியில் ஒரு அடி எடுத்து வைப்பதே பக்கத்தில் நிற்பவர் விட்ட இடத்தில்தான். நிதானமான நடைக்கு அங்கே வழியில்லை, கிம்பலை நீட்டிக்கொண்டு பக்தர்களை இடிப்பதும் முறையில்லை. தேரை ஒரே இடத்தில் நின்று முக்காலியில் வைத்து எடுப்பது தனி வேலை. திருவிழாக் காலத்தில்தான் நடை வேண்டும் என்றால், தொடக்க நாள்களில் விடியற்காலை ஓரளவு சரிவரும். ஒலிபெருக்கியில் போகும் பக்திப் பாடல்கள் பதிவானால் யூரியூப் உரிமைக் கோரிக்கை வரக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மணிச்சத்தம் அவ்வளவு தெளிவாக வருது. தனியாகச் சேர்த்ததா?

இல்லை, நடக்கும்போது பதிவானதுதான். பூசை மணி அடிக்கும் நேரம் தெரிந்துகொண்டு அதற்குச் சற்று முன் நடையைத் தொடங்கினோம். நல்லூரில் நேரம் தவறாது. மைக்கின் தானியங்கி ஒலியளவை நிறுத்தி, மணிச்சத்தமே உச்சம் என்று வைத்து அளவைக் குறைத்துக்கொண்டோம். தானாக விட்டிருந்தால் மணி அடித்தவுடன் சத்தம் அமுங்கி, பிறகு காகத்தின் கரைச்சல் ஓங்கும். காற்றுக்கு மைக்கில் மயிர் உறை அவசியம், பஞ்சு உறை சோளகத்துக்குத் தாங்காது.

நாங்கள் எங்கட ஊர்க் கோயிலை எடுத்துப் பார்த்தோம், ஏதோ சரியில்லை. பிழை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது?

எடுத்ததைப் போனில் பார்க்காதீர்கள், சின்னத் திரையில் எல்லாம் நிதானமாகத்தான் தெரியும். ரீவியில் போட்டு, கோபுரத்தின் விளிம்பு இருக்கும் இடத்தில் ஒரு கடதாசியின் நேர் ஓரத்தைத் திரையில் ஒட்டிவிட்டுப் பாருங்கள்.

விளிம்பு உங்கள் அடிகளின் தாளத்தில் மேலும் கீழும் போனால் பிழை காலில். நடையை மெதுவாக்கி, முழங்காலை மடக்குங்கள். தாளம் இல்லாமல் மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டே போனால் கிம்பலைச் சமதளத்தில் வைத்து அளவுதிருத்தம் செய்ய வேண்டும், அல்லது போனை நடுவில் பூட்டவில்லை. கோபுரம் நிற்க, ஓரங்கள் மட்டும் நெளிந்தால் போனின் நிலைநிறுத்தல் இன்னும் இயங்குகிறது. எல்லாம் அசையாமல் வெளிச்சம் மட்டும் கூடிக் குறைந்தால், வெள்ளை வேட்டியோ நிழலோ குறுக்கே போகும்போது போன் தானாக ஒளியை மாற்றுகிறது. ஒளியளவைப் பூட்டிவிட்டு, மூலைகளில் நிற்கும்போது மட்டும் மாற்றுங்கள்.

அம்மாவுக்குக் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுது. எப்படிப் போட்டுக் காட்டலாம்?

அறை விளக்கை அணைக்காதீர்கள். ரீவியைச் சுற்றிச் சுவர் தெரிய வேண்டும். கதிரையைப் பின்னால் தள்ளுங்கள். படத்தின் அசைவை மென்மையாக்கும் வசதி ரீவியில் இருந்தால் நிறுத்துங்கள், பட்டைகள் உள்ள மதிலில் அது இல்லாத நெளிவுகளை உண்டாக்கும். இணையம் மெதுவாக இருந்தால் மணல் கலங்கிய சேறு போலத் தெரியும், நுண்மணலைச் சுருக்குவது காணொளிக்கு மிகக் கடினம். முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொண்டால் அது இராது.

அதோடு, முழுவதையும் ஒரே மூச்சில் பார்க்க வேண்டும் என்றில்லை. விளக்கக் குறிப்பில் நேரங்களை இப்படிக் கொடுத்திருக்கிறோம், வேண்டிய இடத்தை அழுத்தினால் அங்கே போகும்:

```
0:00 கிழக்கு வாசல்
3:10 தென்கிழக்கு மூலை
4:00 தெற்கு வீதி
8:20 தெற்கு இராஜகோபுரம்
10:00 மேற்கு வீதி
14:30 வடக்கு வீதி
16:40 வடக்கு இராஜகோபுரம்
19:00 தேரடி
```

நீங்கள் எடுக்கும் காணொளிக்கும் இப்படிப் போடலாம். முதல் வரி 0:00 என்று தொடங்க வேண்டும், குறைந்தது மூன்று பகுதிகள் வேண்டும், ஒவ்வொன்றும் 10 விநாடிக்குக் குறையக்கூடாது. இல்லையென்றால் யூரியூப் பகுதிகளாகப் பிரிக்காது. தலை சுற்றுபவர்களுக்கு 0:00, 8:20, 19:00 ஆகிய மூன்றையும் முதலில் காட்டுங்கள். அந்த மூன்று இடங்களிலும் நாங்கள் நடக்காமல் நிற்கிறோம்.